ஒரு பூஜ்யம் குறைந்த விலையில் வந்த ஆர்டர்கள்: எதை அனுப்புவது, எதை எப்படிக் கேன்சல் செய்வது?

"மேஜை விளக்கு ஒன்றை ஆன்லைனில் விற்கிறேன். விலை 1,490. நேற்று இரவு பத்து சதவீதத் தள்ளுபடி போடும்போது விலை 149 என்று விழுந்துவிட்டது. காலையில் பார்த்தால் 41 ஆர்டர், மொத்தம் 53 விளக்கு. ஒருவரே 10 வாங்கியிருக்கிறார், இன்னொருவர் 4. ஆறு பார்சல் கூரியரில் போய்விட்டது. மீதியைக் கேன்சல் செய்யலாமா? செய்தால் என் ரேட்டிங் போய்விடுமா?"

கேன்சல் செய்யலாம். ரேட்டிங் கொஞ்சம் அடிபடும், ஆனால் எழுந்துகொள்ள முடியாத அடி இல்லை. விற்பனையாளர் கணக்குகளைப் பார்த்துக்கொள்வதுதான் பல வருடமாக என் வேலை. நான் பார்த்தவரை, தவறான விலை போட்டதற்காக மட்டும் பேர் கெட்டவர்கள் குறைவு. அதன் பிறகு பொய்க் காரணம் சொன்னவர்களும், பதில் சொல்லாமல் ஒளிந்துகொண்டவர்களும், கத்தியவருக்கு மட்டும் பொருளை அனுப்பிவிட்டு அமைதியாக இருந்தவரைக் கைவிட்டவர்களும்தான் கெடுத்துக்கொண்டார்கள். சட்டம் பற்றிக் கீழே சொல்வது விற்பனை செய்பவன் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்குத்தான். நான் வக்கீல் இல்லை. தொகை பெரிதாக இருந்தால் உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள். இந்த நேரத்தில் எல்லோரும் ஓடிப்போய் விலையைத்தான் திருத்துகிறார்கள். அதற்கு முன்னால் ஸ்டாக்கைப் பூஜ்யமாக்குங்கள், அல்லது லிஸ்டிங்கைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். விலை மாற்றம் எல்லாப் பக்கங்களிலும் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகலாம். சில இடங்களில் ஏற்கெனவே கூடையில் போட்டு வைத்தவருக்குப் பழைய விலையே காட்டும். இரண்டு மூன்று தளங்களை ஒரே மென்பொருளில் இணைத்து விற்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தளத்தில் நீங்கள் 1,490 என்று திருத்துவீர்கள், அரை மணி நேரம் கழித்து அந்த மென்பொருள் தன்னிடம் இருக்கும் 149ஐத் திரும்பவும் கொண்டுவந்து போட்டுவிடும். எனவே மூலத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தியபின், உள்ளே நுழையாத ஒரு பிரவுசரில், வாங்குபவர் பார்ப்பது போல அந்தப் பக்கத்தைத் திறந்து, "வாங்கு" பொத்தான் போய்விட்டதா என்று கண்ணால் பாருங்கள். பேக்கிங் செய்பவரிடம் இந்த விளக்குக்கு அடித்து வைத்த லேபிள்களைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். நீங்கள் மேலே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும்போது கீழே இன்னும் நாலு பார்சல் வண்டி ஏறிவிடும்.

லிஸ்டிங்கை அழித்துவிட மட்டும் செய்யாதீர்கள். அதோடு பழைய ரிவ்யூக்களும் போகும், ஆதாரமும் போகும். தவறான விலை இருக்கும் பக்கம், விலை மாறிய நேரம் காட்டும் பதிவு, ஆர்டர் பட்டியல் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நேற்று மாலை வரை அதே விளக்கு 1,490க்கு விற்றதைக் காட்டும் பழைய ஆர்டர் ஒன்றும் கூடவே இருக்கட்டும். விலை உண்மையிலேயே தவறுதான், ஆள் பிடிக்கப் போட்ட வலை இல்லை என்று பின்னால் காட்ட வேண்டிவந்தால் கைகொடுப்பது அதுதான்.

அடுத்து, தவறு எங்கே நடந்தது என்று பாருங்கள். உங்கள் எண்ணில் ஒரு சங்கதி இருக்கிறது. 1,490இல் கடைசிப் பூஜ்யம் விட்டுப்போனாலும் 149 வரும். பத்து சதவீதம் குறைப்பதற்குப் பதிலாகப் பத்து சதவீதம்தான் விலை என்று கணக்குப் போட்டாலும் அதே 149தான் வரும். நீங்கள் நினைத்த தள்ளுபடி விலை 1,341. முதல் வகை என்றால் பாதிப்பு இந்த ஒரு விளக்கோடு முடிந்தது. இரண்டாவது வகை என்றால் அந்தத் தள்ளுபடிக்குள் நீங்கள் சேர்த்த ஒவ்வொரு பொருளும் பத்தில் ஒரு பங்கு விலையில் இப்போதும் விற்றுக்கொண்டிருக்கும். விளக்கு நிறைய விற்றதால் அது கண்ணில் பட்டது, மற்றது படவில்லை, அவ்வளவுதான். பதில் கடிதம் எழுதத் தொடங்குமுன் தள்ளுபடிப் பட்டியல் முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சரி, கேன்சல் செய்ய உரிமை உண்டா? பல நாடுகளில் கடைக்காரர் விலையைக் காட்டுவது "வாருங்கள், கேளுங்கள்" என்ற அழைப்பாகத்தான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆர்டர் கொடுப்பது வாங்குபவர் செய்யும் கோரிக்கை. நீங்கள் அதை ஏற்றுக்கொண்டால்தான் ஒப்பந்தம். ஏற்றுக்கொண்டது எப்போது என்பதில்தான் சண்டையே வரும். அதனால் உங்கள் கடையிலிருந்து தானாகப் போகும் மின்னஞ்சலை எடுத்துப் படியுங்கள். "உங்கள் ஆர்டர் எங்களுக்கு வந்து சேர்ந்தது" என்றிருந்தால் உங்கள் நிலை நல்ல நிலை. "உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது, நன்றி" என்றிருந்தால் கொஞ்சம் பலவீனம். 2002ஆம் ஆண்டு பிரிட்டனில் கோடக் நிறுவனத்தின் தளத்தில் 329 பவுண்ட் கேமரா 100 பவுண்டுக்குப் போய்விட்டது. முதலில் தர முடியாது என்றார்கள். ஆனால் உறுதி செய்யும் மின்னஞ்சல் எல்லோருக்கும் போயிருந்தது, விலையும் "சிறப்புச் சலுகை" என்று நம்பக்கூடிய அளவில்தான் இருந்தது. வாங்கியவர்கள் வழக்கு என்று கிளம்பினார்கள். கடைசியில் அந்த விலைக்கே கொடுப்பதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இதற்கு நேர் எதிரானது சிங்கப்பூரில் 2003 ஜனவரியில் நடந்த டிஜிலேண்ட்மால் என்ற ஆன்லைன் கடையின் விவகாரம். 3,854 சிங்கப்பூர் டாலர் லேசர் பிரிண்டர் 66 டாலருக்கு என்று தளத்தில் வந்துவிட்டது. ஆறு பேர் மட்டும் சேர்ந்து 1,606 பிரிண்டர் ஆர்டர் செய்தார்கள். தானியங்கி உறுதி மின்னஞ்சலும் அவர்களுக்குப் போனது. நிறுவனம் மறுத்தது, அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2004இல் உயர் நீதிமன்றத்திலும் 2005இல் மேல்முறையீட்டிலும் அவர்கள் தோற்றார்கள். விலை தவறு என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, தெரிந்தும் பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள் என்பதுதான் காரணம். அந்த இரவில் அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதும், ஒவ்வொருவரும் வாங்கிய எண்ணிக்கையும் அவர்களுக்கே எதிரான சாட்சியானது. அதே 2005இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமும் ஒரு லேப்டாப் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. விற்பவர் 2,650 யூரோ என்று சரியாகத்தான் பதிவு செய்திருந்தார், மென்பொருள் அதை 245 என்று மாற்றிக் காட்டிவிட்டது. பொருள் வாங்கியவர் கைக்கே போய்விட்ட பிறகும் விற்பவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்றது நீதிமன்றம். ஆனால் அந்த நாட்டுச் சட்டத்தில் இதற்கு ஒரு கட்டாயம் உண்டு. தவறு தெரிந்தவுடன், தாமதிக்காமல் சொல்ல வேண்டும். விலையை நம்பி வாங்குபவர் ஏதாவது செலவு செய்திருந்தால் அதையும் ஈடுகட்ட வேண்டிவரும்.

உங்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, பத்தில் ஒரு பங்கு விலை என்பது பார்த்தவுடன் சந்தேகம் வரவேண்டிய விலை, எனவே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இதுவே 1,490க்குப் பதில் 1,049 என்று எண்கள் மாறி விழுந்திருந்தால் நான் கேன்சல் செய்யச் சொல்லவே மாட்டேன். அதை யாரும் தள்ளுபடி என்றுதான் நினைப்பார்கள். நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டியதுதான். இன்னொன்று, நேரம். தெரிந்த அன்றே சொல்வதற்கும் ஐந்து நாள் கழித்துச் சொல்வதற்கும் சட்டத்திலும் வித்தியாசம் உண்டு, வாங்கியவர் மனதிலும் உண்டு. நிச்சயமில்லாத பகுதி எது என்றால், உறுதி மின்னஞ்சல் போய், பணமும் எடுத்து, பொருளும் கிளம்பிவிட்ட ஆர்டர். நாட்டுக்கு நாடு அதற்குப் பதில் மாறும். அதனால்தான் உங்கள் ஆறு பார்சலைத் தொடவேண்டாம் என்கிறேன். கூரியரைத் திருப்பி அழைப்பது, வாங்கியவரிடம் மீதிப் பணம் கேட்பது எதுவும் வேண்டாம். அவை போய்ச் சேரட்டும்.

இப்போது கணக்கு. நஷ்டத்தைப் பலர் 1,490இலிருந்து 149ஐக் கழித்து, விளக்குக்கு 1,341 என்று போட்டுப் பயந்துவிடுகிறார்கள். வராத லாபத்தையும் அதில் சேர்த்துவிட்டீர்கள், கையிலிருந்து போவது அவ்வளவு இல்லை. உங்கள் வாங்கும் விலை எனக்குத் தெரியாததால் ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். விளக்கின் அடக்கம் 820, அனுப்பும் செலவு 90, தளத்தின் கமிஷன் விற்கும் விலையில் 12 சதவீதம். 149க்குக் கமிஷன் ஏறக்குறைய 18. ஆக 928 போகிறது, 149 வருகிறது, ஒரு விளக்குக்கு நஷ்டம் 779. போய்விட்ட ஆறுக்கு 4,674. மிச்சமிருக்கும் 35 ஆர்டரில் 47 விளக்கு இருக்கிறது, எல்லாவற்றையும் அனுப்பினால் இன்னும் 36,613. ஆளுக்கு ஒன்று மட்டும் அனுப்பினால் 27,265. இந்த மூன்று எண்ணையும் உங்கள் மாத லாபத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிடும் தொகை என்றால் ஆளுக்கு ஒன்று அனுப்பிவிடுவது நல்லது. கேன்சல் கணக்கும் அதிகம் ஏறாது, 35 பேர் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுவார்கள். இரண்டு மூன்று மாத லாபத்தைத் தின்றுவிடும் என்றால் கேன்சல்தான். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம்.

எது செய்தாலும் எல்லோருக்கும் ஒரே கோடு கிழியுங்கள். அந்தக் கோடு ஆளைப் பார்த்து மாறக் கூடாது. "காலை எட்டு மணிக்குள் கூரியரில் போனவை போகட்டும், மற்ற எல்லாம் கேன்சல்" என்பது கோடு. "ஆளுக்கு ஒன்று, கூடுதல் கேன்சல்" என்பதும் கோடுதான். "கோபமாக எழுதியவருக்கு அனுப்பிவிடுவோம்" என்பது கோடு இல்லை. இப்படிப்பட்ட விலை வெளியே தெரிவதே சலுகைகளைப் பகிரும் குழுக்கள் வழியாகத்தான். அதில் ஒருவருக்குப் பொருள் வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை என்றால் அன்று மாலையே படத்தோடு தெரிந்துவிடும். 10 வாங்கியவர் விற்பதற்காகத்தான் வாங்கியிருப்பார் என்பது என் ஊகம். அப்படியே இருந்தாலும் அவருக்கும் மற்றவருக்குப் போகும் அதே கடிதம், அதே மரியாதை. எண்ணிக்கையைக் குத்திக் காட்டி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

கேன்சல் செய்பவர்களுக்கு ஒரு சலுகை கொடுங்கள், ஆனால் அதுவும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 1,035க்கு விற்றால் கமிஷன் போக உங்கள் கையில் 910 நிற்கும். அடக்கமும் கூரியரும் அதில் சரியாகத் தீர்ந்துவிடும், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஏறக்குறைய முப்பது சதவீதத் தள்ளுபடி. ஆளுக்கு ஒரு விளக்கு, பதினைந்து நாளுக்குள் என்று வையுங்கள். இதைத் தளத்தின் கூப்பன் வசதி வழியாகவே கொடுக்க வேண்டும். "வெளியே என்னிடம் நேராக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் பெரும்பாலான தளங்களில் அது தனிக் குற்றம்.

இனி நீங்கள் கேட்ட ரேட்டிங். கேன்சல் பொத்தானை அழுத்தினால் காரணம் கேட்கும். அங்கேதான் ஆசை வரும். "வாங்கியவர் கேட்டார்" என்று போட்டால் உங்கள் கணக்கில் ஏறாது, "முகவரியில் சிக்கல்" என்று போட்டாலும் பல இடங்களில் ஏறாது. இரண்டையும் தொடாதீர்கள். வாங்கியவருக்குப் போகும் மின்னஞ்சலிலேயே அந்தக் காரணம் அச்சாகிப் போகும் இடங்கள் உண்டு. "நான் கேட்கவே இல்லையே" என்று அவர் ஒரு புகார் கொடுத்தால், விலைத் தவறு என்ற சின்ன விஷயம் பொய் சொன்ன விஷயமாகிவிடும். தள விதிகளில் இது தண்டனைக்குரியது. வாங்கியவர்களிடம் "நீங்களே கேன்சல் செய்துவிடுங்களேன்" என்று கெஞ்சுவதும் அதே வகைதான். "ஸ்டாக் இல்லை" என்று போடுவது இன்னொரு பழக்கம். மதியம் அதே விளக்கு 1,490க்கு மீண்டும் ஏறியிருப்பதை அவர்கள் பார்ப்பார்கள், அப்புறம் உங்கள் எந்த வார்த்தைக்கும் மதிப்பு இருக்காது. பட்டியலில் "விலைப் பிழை" என்று ஒரு காரணம் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் உண்மைக்கு மிக அருகில் இருப்பதைப் போட்டு, குறிப்பு எழுதும் இடத்தில் நடந்ததை எழுதுங்கள்.

எவ்வளவு அடிபடும்? அமேசானில் விற்பவரே கேன்சல் செய்யும் ஆர்டர்கள் ஏழு நாள் கணக்கில் 2.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். உங்களுக்கு வாரம் 200 ஆர்டர் என்று வைத்தால் 35 கேன்சல் 17.5 சதவீதம். எல்லையை வெகுவாகத் தாண்டிவிட்டது, எச்சரிக்கை வரலாம், கணக்கை நிறுத்தி விளக்கம் கேட்கவும் செய்யலாம். ஆனால் ஏழு நாள் நகர்ந்தால் அந்த எண்ணும் நகர்ந்துவிடும். இபேயில் விதி வேறு. அங்கே விற்பவர் பக்கத்துக் கேன்சல் ஒரு குறையாகப் பதிவாகும், குறைகள் மொத்த விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டினால் விற்பனையாளர் தரம் இறங்கும். கணக்கெடுக்கும் காலம் மூன்று மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் என்பதால் வடு கொஞ்ச நாள் இருக்கும். இந்த விதிகள் அவ்வப்போது மாறும், இன்று உங்கள் பக்கத்தில் இருப்பதை ஒருமுறை பாருங்கள்.

அதனால் கேன்சல் செய்யுமுன் தளத்தின் உதவிப் பிரிவுக்கு ஒரு புகார் எண் உருவாக்குங்கள். எத்தனை மணிக்கு விலை மாறியது, எத்தனை மணிக்குக் கண்டுபிடித்தீர்கள், என்ன செய்து நிறுத்தினீர்கள், எத்தனை ஆர்டர், எத்தனை அனுப்பிவிட்டீர்கள், மீதிக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று எட்டு வரி, கூடவே ஸ்கிரீன்ஷாட். "இந்தக் கேன்சல்களை உங்கள் பக்கத்திலிருந்து செய்ய முடியுமா, முடியாவிட்டால் நான் எந்தக் காரணம் போட வேண்டும்" என்று நேராகக் கேளுங்கள். உதவி கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். பல முறை எந்திரத்தனமான பதில்தான் வரும். ஆனால் பின்னால் கணக்கை நிறுத்தி விளக்கம் கேட்டால், கேன்சலுக்கு முன்பே நேரத்தோடு பதிவான அந்தக் கடிதம் உங்களுக்காகப் பேசும். பதிலுக்காக அன்று மாலை வரை காத்திருங்கள், அதற்கு மேல் வேண்டாம். அனுப்பவும் அனுப்பாமல், கேன்சலும் செய்யாமல் கிடப்பில் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அனுப்பும் கெடு தாண்டும், தாமதக் கணக்கு ஏறும், தளமே கேன்சல் செய்யும், அதன்பின் புகார்களும் வரும். அப்போது ஒரு தவறுக்கு மூன்று இடத்தில் அடி. டிராக்கிங் எண்ணை மட்டும் உருவாக்கி அனுப்பியது போலக் காட்டுவதை யாராவது யோசனையாகச் சொன்னால் காதில் வாங்காதீர்கள், அது மோசடி.

வாங்கியவருக்கு எழுதும் கடிதம் தளத்தின் தானியங்கி கேன்சல் மின்னஞ்சலுக்கு முன்னால் போக வேண்டும். முதலில் உங்கள் செய்தி, சில நிமிடம் கழித்து கேன்சல், அதோடு ரீஃபண்ட். எல்லாம் ஒரே மணி நேரத்துக்குள். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். நேற்று இரவு நீங்கள் ஆர்டர் செய்த மேஜை விளக்கின் விலையை நாங்கள் தவறாகப் பதிவு செய்துவிட்டோம். 1,490 என்று இருக்க வேண்டியது 149 என்று இருந்தது. தவறு எங்களுடையது. அந்த விலையில் எங்களால் அனுப்ப இயலவில்லை. அதனால் உங்கள் ஆர்டரை இன்று கேன்சல் செய்கிறோம். நீங்கள் கட்டிய முழுத் தொகையும், அனுப்பும் கட்டணம் இருந்தால் அதுவும் சேர்த்து, நீங்கள் கட்டிய வழியிலேயே திரும்பி வரும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இந்த விளக்கு உங்களுக்கு இன்னும் வேண்டும் என்றால், எங்கள் அடக்க விலையான 1,035க்கு ஒன்று வாங்கிக்கொள்ளக் கூப்பன் கீழே இருக்கிறது, 15 நாள் செல்லும். இந்த விலையை நம்பி வேறு ஏதாவது ஏற்பாடோ செலவோ செய்திருந்தால் இந்தச் செய்திக்குப் பதில் எழுதுங்கள், நானே பார்க்கிறேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

கீழே உங்கள் பெயரை எழுதுங்கள், கடையின் பெயரை மட்டும் போட்டு விடாதீர்கள். "தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதாதீர்கள். நடந்தது கைத்தவறு என்றால் அப்படியே சொல்லுங்கள். அந்தச் சாக்கை எல்லோரும் கேட்டுப் புளித்திருக்கிறார்கள். "இந்த விலை தவறு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்" என்ற வரி நீதிமன்றத்தில் எடுபடலாம், கடிதத்தில் வந்தால் வாங்கியவரைத் திருடன் என்பது போல ஆகிவிடும். பணம் எப்போது வரும் என்று நாள் குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. கார்டில் இன்னும் எடுக்காமல் நிறுத்தி மட்டும் வைத்த தொகை என்றால் விடுபட்டுவிடும். எடுத்தாகிவிட்ட பணம் என்றால் வங்கி வழியாகத் திரும்பச் சில வேலை நாட்கள் பிடிக்கும். கேட்பவருக்கு ரீஃபண்ட் குறிப்பு எண்ணைக் கொடுங்கள், அதை வைத்து அவர் வங்கியில் கேட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வாங்கியவருக்கு நாணய மாற்றில் கொஞ்சம் குறைந்து வரும். கேட்டால் அந்த வித்தியாசத்தை நீங்கள் கொடுத்துவிடுங்கள், சில்லறைத் தொகைதான்.

பதில்கள் வரத் தொடங்கும். பெரும்பாலானவர் "பரவாயில்லை" என்பார்கள் அல்லது எதுவும் எழுத மாட்டார்கள். உண்மையான நஷ்டம் சொல்பவர் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். உங்களை நம்பி வேறு கடையில் போட்டிருந்த ஆர்டரை ரத்து செய்து, அங்கே கட்டணம் பிடித்திருப்பார்கள். ரசீதைக் கேட்டு அந்தத் தொகையைக் கொடுங்கள். ஒரே கோடு என்று சொன்னதற்கு இது முரண் இல்லை. அவருக்கு விளக்கைக் குறைந்த விலைக்குக் கொடுக்கவில்லை, உங்கள் தவறால் அவர் கையிலிருந்து போனதைத் திருப்புகிறீர்கள். யார் ரசீது காட்டினாலும் அதேதான்.

"அனுப்பாவிட்டால் ஒரு நட்சத்திரம்தான்" என்பவருக்கு மற்றவர்களுக்குச் சொன்ன அதே பதிலை அமைதியாக ஒருமுறை சொல்லுங்கள். ரிவ்யூவை எடுத்தால் ஏதாவது தருகிறேன் என்று மட்டும் பேசிவிடாதீர்கள். தளங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன, உங்கள் செய்தியைப் படம்பிடித்துப் போட்டால் ஒரு நட்சத்திரத்தை விட அது அதிகம் வலிக்கும். போட்ட ரிவ்யூவுக்குக் கீழே பொதுவில் ஒரே ஒரு பதில் எழுதுங்கள்: "இந்தப் பொருளின் விலையை ஓர் இரவு நாங்கள் தவறாகப் பதிவு செய்தோம். அனுப்பிவிட்ட ஆர்டர்களை அதே விலைக்குக் கொடுத்தோம். அனுப்பாதவற்றை அன்றே கேன்சல் செய்து முழுப் பணத்தையும் திருப்பி, அடக்க விலையில் வாங்கும் வாய்ப்பும் தந்தோம். உங்களுக்கு ஏமாற்றம் என்பது புரிகிறது, மன்னிக்கவும்." இதற்கு மேல் வாதம் வேண்டாம். அந்தப் பதிலைப் படிக்கப்போவது ஆறு மாதம் கழித்து விளக்கு வாங்க வரும் புதியவர். அவருக்கு வேண்டிய தகவல் எல்லாம் இந்த நாலு வரியில் இருக்கிறது. பொருளே கைக்கு வராதவர் எழுதும் பொருள் விமர்சனத்தை நீக்கச் சொல்லிக் கேட்கவும் சில தளங்களில் வழி உண்டு. கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

லிஸ்டிங்கைச் சரியான விலையில் மீண்டும் திறக்குமுன் மூன்று பூட்டுப் போடுங்கள். குறைந்தபட்ச விலை என்று ஒரு பெட்டி பல தளங்களில் இருக்கிறது, அதில் உங்கள் அடக்கமும் கூரியரும் கமிஷனும் சேர்ந்த 1,035ஐப் போட்டுவிட்டால் 149 என்ற விலை ஏறவே ஏறாது. ஒருவர் ஒரு முறைக்கு அதிகபட்சம் எத்தனை வாங்கலாம் என்பதை 2 அல்லது 3 என்று வையுங்கள். கிடங்கில் 300 விளக்கு இருந்தாலும் தளத்தில் 20 மட்டும் காட்டி, விற்க விற்க நிரப்புங்கள். நேற்று இரவு அப்படி இருந்திருந்தால் இருபதோடு தானாக நின்றிருக்கும்.

விலைகளை அட்டவணைக் கோப்பாக ஏற்றுபவர் என்றால் இன்னும் ஒன்று. காற்புள்ளியால் பிரிக்கும் கோப்பில் 1,490 என்று காற்புள்ளியோடு, மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், அது விலை 1 என்றும் அடுத்த கட்டத்தில் 490 என்றும் உடைந்துவிடும். அடுத்த கட்டம் ஸ்டாக் என்றால் ஒரு விளக்கு 1க்கு, அதுவும் 490 விளக்கு விற்பனைக்குத் தயார் என்று ஏறிவிடும். எண்களை எப்போதும் 1490 என்று வெறுமனே எழுதுங்கள். கோப்பை ஏற்றியபின் பட்டியலை விலையின் ஏறுவரிசையில் அடுக்கி மேலே நிற்கும் பத்துப் பொருளைப் பாருங்கள். விழுந்த பூஜ்யம் இருந்தால் அந்தப் பத்துக்குள் பெரும்பாலும் வந்து நிற்கும். தள்ளுபடி போட்ட நாட்களில் ஒவ்வொரு பொருளின் புதிய விலையையும் பழைய விலையால் வகுத்து ஒரு கட்டத்தில் வையுங்கள். பத்து சதவீதத் தள்ளுபடிக்கு அந்தக் கட்டம் முழுவதும் 0.9 என்றே இருக்க வேண்டும். எங்காவது 0.1 என்று தெரிந்தால் அந்தக் கோப்பை ஏற்றாதீர்கள்.